மனவேதனை வேண்டாம், பக்க எண்ணைச் சொல்லுங்கள்

முறைப்பாட்டுக் கடிதம் என்றதும் நம்முடைய பிள்ளைகள் எல்லாரும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுகிறார்கள். “தங்கள் புத்தகசாலையில் கொள்வனவு செய்த பயிற்சிப் புத்தகத்தில் சில பக்கங்கள் இல்லாததைக் கண்டு மிகுந்த மனவேதனை அடைந்தேன். இதனால் எனது கல்வி பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது. ஆகவே தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” களுவாஞ்சிகுடியில் எழுதினாலும் கல்முனையில் எழுதினாலும் இதுதான். எழுத்துப்பிழை இருக்காது, அமைப்பும் சரியாக இருக்கும், புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் இதைக் கடைக்காரர் கையில் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எந்தப் புத்தகம்? எப்ப வாங்கினது? எத்தனையாம் பக்கம்? காசு வேணுமா, வேற புத்தகம் வேணுமா?

தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், குறை பிள்ளைகளிடம் இல்லை. நாம் கொடுக்கும் செயலட்டையில்தான் இருக்கிறது. “நீர் வாங்கிய பயிற்சிப் புத்தகத்தில் பக்கங்கள் விடுபட்டுள்ளன. புத்தகசாலை முகாமையாளருக்குக் கடிதம் எழுதுக” என்று இரண்டு வரி போட்டுவிட்டு விடுகிறோம். தகவலே கொடுக்காவிட்டால் பிள்ளை எதைத்தான் எழுதும்? மனவேதனையைத்தான் எழுதும்.

அதனால் தரம் 8 பிள்ளைகளுக்கு இந்த முறை உண்மையான ஒரு புத்தகத்தை வைத்தே செயலட்டை தயாரித்தேன். சொந்தக்காரப் பிள்ளையொன்றின் புலமைப்பரிசில் பயிற்சிப் புத்தகம் அது. மட்டக்களப்பு டவுனில் வாங்கியது. பிள்ளை 33ஆம் பக்கம் வரைக்கும் பென்சிலால் விடை எழுதியிருக்கிறாள். தாளைத் திருப்பினால் 34உம் 35உம் வெள்ளை. 36, 37 இருக்கிறது. 38, 39 வெள்ளை. பிறகு 42, 43. அதன் பிறகு 46, 47. எட்டுப் பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. தாய் கடைக்குக் கொண்டுபோனபோது கிடைத்த பதில்: “எழுதின புத்தகத்த எப்படி மாத்துற, டீச்சர்? இத நான் ஆருக்கு விக்கிற?”

கடைக்காரரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதால்தான் இந்தப் புத்தகத்தை எடுத்தேன். அவர் அச்சடிக்கவில்லை. பதிப்பகத்திடமோ விநியோகத்தரிடமோ எடுத்து விற்கிறார். பிழையான புத்தகத்தை அவர் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அங்கே காட்டுவதற்கு அவருக்கும் ஓர் ஆதாரம் தேவை. ஆகவே நல்ல முறைப்பாட்டுக் கடிதம் கடைக்காரரைத் திட்டுகிற கடிதமாக இருக்கத் தேவையில்லை. அவர் அதே தாளை அப்படியே பதிப்பகத்துக்கு அனுப்பித் தன் புத்தகத்துக்கு ஈடு கேட்கக்கூடியதாக இருந்தால் போதும்.

அதற்குப் பக்க எண்கள்தான் உயிர். அச்சகத்தில் பழகியவர்களுக்கு 34, 35, 38, 39, 42, 43, 46, 47 என்ற வரிசையைப் பார்த்தவுடனேயே விஷயம் விளங்கிவிடும். புத்தகம் ஒவ்வொரு பக்கமாக அச்சாவதில்லை. பெரும்பாலும் ஒரு பெரிய தாளில் முன்புறம் எட்டு, பின்புறம் எட்டு என்று பதினாறு பக்கம் அடித்து, மடித்து, வெட்டுகிறார்கள். இந்தப் புத்தகத்தில் 33 முதல் 48 வரை அப்படி ஒரே தாள். அந்தத் தாளின் ஒரு புறம் மட்டும் அச்சாகவில்லை. இயந்திரத்துக்குள் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் மேல்தாளில் மை விழும், கீழ்த்தாள் வெள்ளையாகவே வெளியே வரும். மடித்த பிறகு அந்த ஒரு புறம் இப்படி இரண்டிரண்டு பக்கமாகச் சிதறி நிற்கும். வாங்கியவர் வீட்டில் நேர்ந்த சேதம் இப்படி ஓர் ஒழுங்கில் வரவே வராது.

வெள்ளைப் பக்கம் வேறு, பக்கமே இல்லாதது வேறு. 32க்குப் பிறகு நேரே 49 வந்தால் அந்தப் பதினாறு பக்க மடிப்பைச் சேர்க்காமலேயே கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் வேறொரு மடிப்பு இரண்டு தடவை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகமென்றால் ஒரு தாள் தவறினாலே முன்பாதியில் இரண்டு பக்கமும் பின்பாதியில் இரண்டு பக்கமும் போய்விடும். முன்னுக்குக் காணாமல் போனதை மட்டும் எழுதிவிட்டு வந்தால் பின்னுக்கு உள்ளது தப்பிவிடும். செயலட்டையின் முதற் கேள்வியே இதுதான்: பக்க எண்களைக் கொடுத்து, “வெற்றுப் பக்கமா, இல்லாத பக்கமா?” என்று கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது கேள்வியில் பத்துத் தகவல் கலந்து கிடக்கும். புத்தகத்தின் பெயர், வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு எண், விலை, வெற்றுப் பக்கங்கள் ஆகியவற்றோடு அட்டையின் நிறம், பிள்ளை வகுப்பில் எத்தனையாம் இடம், அன்றைக்குப் பெய்த மழை, மாமா வாங்கிக் கொடுத்த கதை எல்லாம் இருக்கும். வேண்டாததை வெட்ட வேண்டும். மழையை வெட்ட மனமில்லாத பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், பாவம்.

பிறகுதான் கடிதம். முகவரி, திகதி, “ஐயா”, தலைப்பு எல்லாம் வழக்கம்போல. உடலுக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்:

“கடந்த 12ஆம் திகதி தங்கள் புத்தகசாலையில் தரம் 5 பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். புத்தகத்தின் 34, 35, 38, 39, 42, 43, 46, 47ஆம் பக்கங்கள் அச்சிடப்படாமல் வெறுமையாக உள்ளன. இது அச்சில் நேர்ந்த பிழை. 33ஆம் பக்கம் வரை விடை எழுதிய பின்னரே இது தெரியவந்தது. எழுதிப் பயிலும் புத்தகம் என்பதால் அதற்கு முன் அறிய வழியிருக்கவில்லை. இதற்குப் பதிலாக முழுமையான பிரதி ஒன்றைத் தர வேண்டுகிறேன். அவ்வாறான பிரதி இல்லையெனில் பணத்தைத் திருப்பித் தரவும். பழுதான புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு அனுப்புவதற்காகத் தங்களிடம் ஒப்படைக்கிறேன்.”

கடைக்காரரின் “எழுதின புத்தகம்” என்ற மறுப்புக்கு இதில் பதில் இருக்கிறது. சண்டை இல்லை. மாற்றுப் பிரதியை வாங்கும்போது அதே 33 முதல் 48 வரையான பக்கங்களைக் கடையிலேயே புரட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரே கட்டில் வந்த புத்தகங்களில் அதே பிழை இன்னொன்றிலும் இருக்கலாம்.

கடை மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977க்கு அழைக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜனவரியில் வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு ஓகஸ்டில் திறக்கிற வீடுகள் இதைக் கவனிக்கவும். பற்றுச்சீட்டு தராத கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை.

செயலட்டையின் கடைசிப் பகுதி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. கடிதங்களை மாற்றிக்கொண்டு, வாசிக்கிற பிள்ளை கடைக்காரராக இருந்து பதில் எழுத வேண்டும். பதிலில் ஏதாவது கேள்வி கேட்க வேண்டி வந்தால், எழுதியவருக்கு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புள்ளி குறையும். மனவேதனைக் கடிதம் எழுதிய பையனுக்கு வந்த பதில்: “தம்பி, உங்கட கவலை விளங்குது. எந்தப் புத்தகம் எண்டு சொன்னா நல்லம்.”