ஆரக்கிள்காரருக்கு எத்தனை வாரம்?

எங்கள் தரவுத்தளக் குழுவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டபோது இறுதிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் நடத்துவது போஸ்ட்கிரெஸ். முதலாமவர் 3 ஆண்டுகள் போஸ்ட்கிரெஸிலேயே இருந்தவர். இரண்டாமவர் 9 ஆண்டுகள் ஆரக்கிள், போஸ்ட்கிரெஸைத் தொட்டதில்லை. நேர்காணல் செய்த நால்வரில் ஒருவர், "எல்லாம் தரவுத்தளம்தானே, ஒரு மாதத்தில் பிடித்துவிடுவார்" என்றார். இன்னொருவர், "தெரியாதவரை எடுத்து யார் சொல்லிக்கொடுப்பது?" என்றார். இருவருமே கணக்குப் போடவில்லை. மனதில் பட்டதைச் சொன்னார்கள்.

இப்படி மனதில் பட்டதை நம்பி நானும் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல் ஆரக்கிளிலிருந்து வந்த ஒருவரை, "இரண்டு மாதம் போதும்" என்று சொல்லிச் சேர்த்தேன். ஆறாவது வாரம், போஸ்ட்கிரெஸ் தானாகவே ஓட்டும் ஆட்டோவேக்கம் என்ற துப்புரவு வேலை பகல் நேரத்தில் வட்டை அதிகம் பயன்படுத்துவதைப் பார்த்து, எங்களுடைய மிகவும் பரபரப்பான அட்டவணைக்கு மட்டும் அதை அணைத்துவைத்தார். இரவில் ஓடவேண்டிய பராமரிப்பு வேலை பகலில் ஓடுகிறது என்று நினைத்துவிட்டார். ஆரக்கிளில் ஒரு வரிசையை மாற்றினால் அதன் பழைய வடிவம் அண்டூ என்ற தனி இடத்துக்குப் போய்விடும். போஸ்ட்கிரெஸில் அது அதே அட்டவணைக்குள்ளேயே கிடக்கும். வேக்கம் வந்து அந்த இடத்தை விடுவித்தால்தான் அதை மறுபடி பயன்படுத்த முடியும். 12 நாட்களில் 40 ஜிபி அட்டவணை 190 ஜிபி ஆனது. அதைச் சுருக்க VACUUM FULL கொடுத்தால், அது முடியும்வரை அந்த அட்டவணையை யாரும் படிக்கக்கூட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சேவையை நிறுத்திவிட்டுத்தான் சரிசெய்தோம்.

அவர் திறமையில் குறை சொல்ல மாட்டேன். "தெரியும்", "தெரியாது" என்று இரண்டே கூடைகளை வைத்துக்கொண்டு மதிப்பிட்டது என் தவறு. மூன்றாவது ஒரு கூடை உண்டு: தெரிந்தது போலவே இருக்கும், ஆனால் வேறாக நடக்கும். முழுதும் புதிய விஷயம் என்றால் ஆள் கேட்டுத் தெரிந்துகொள்வார். பழக்கமானது போல் தோன்றும் விஷயத்தில் கேட்கவே மாட்டார், தன்னம்பிக்கையோடு செய்துவிடுவார். அனுபவம் கூடக்கூட இந்தக் கூடைதான் ஆபத்து.

எனவே இந்த முறை "எத்தனை மாதம்" என்ற கேள்வியையே எடுத்துவிட்டேன். அந்த நாற்காலியில் உட்காருபவர் தனியாகச் செய்யவேண்டிய நான்கு வேலைகளை எழுதி, இந்த ஆரக்கிள்காரருக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாரம் போட்டேன். காப்பு எடுத்து மீட்பதை 1 அல்லது 2 வாரத்தில் செய்துவிடுவார். முழுப் பிரதி ஒன்று, அதன்மேல் மாற்றப் பதிவுகளை வரிசையாக ஓட்டுவது என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றே, கட்டளைகள்தான் வேறு. மெதுவாக ஓடும் வினவல்களைச் சரிசெய்ய 3 வாரம். அட்டவணை அமைப்பை மாற்றும் வேலைக்கு 4 வாரம். இரவு அழைப்பைத் தனியாக ஏற்க 16 வாரம்.

கடைசி எண் ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்டார்கள். அவர் கற்கும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரவில் வரும் கோளாறுகளில் வேக்கம் சார்ந்தவை எங்களிடம் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அவற்றில் நான்கைந்தையாவது பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது பார்த்திருக்கவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நிகழ்வு வந்தால்தானே பார்க்க முடியும்?

இந்த எண்களைச் சோதிக்காமல் நம்பினால் அதுவும் மனதில் பட்டதுதான். "எவ்வளவு நாளில் கற்றுக்கொள்வீர்கள்?" என்று விண்ணப்பதாரரிடமே கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை; வேலை வேண்டும் என்பவர் வேறு என்ன சொல்வார்? அதற்குப் பதில் 45 நிமிடம் கொடுத்து ஒரு சோதனைத் தரவுத்தளத்தின் முன் உட்காரவைத்தோம். ஓர் அட்டவணையில் வரிசைகளின் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் அளவு வளர்ந்துகொண்டே போகிறது, ஏன்? ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம், எங்களிடமும் கேட்கலாம்.

முதல் 10 நிமிடம் அவர் அண்டூவைத் தேடினார். கிடைக்கவில்லை. அப்போது நிமிர்ந்து, "இங்கே வரிசையின் பழைய வடிவம் எங்கே போகிறது?" என்று கேட்டார். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கேள்விதான். நான் ஆவணத்தைக் காட்டினேன். வேக்கம் பற்றிய பகுதியைப் படித்தார், கையால் ஓட்டினார், இறந்த வரிசைகள் அப்படியே இருப்பதைப் பார்த்தார். யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே, 35வது நிமிடத்தில் இதை எழுதினார்:

```sql
SELECT pid, state, xact_start,
       backend_xid, backend_xmin
FROM pg_stat_activity
ORDER BY xact_start;
```

நாங்கள் ஒளித்துவைத்திருந்தது அகப்பட்டது: ஒரு வரிசையை எழுதிவிட்டு, முடிக்காமல் `idle in transaction` நிலையில் தூங்கும் ஓர் இணைப்பு. அது திறந்திருக்கும்வரை அதற்குப்பின் இறந்த வரிசைகளை வேக்கத்தால் அகற்ற முடியாது. விடையைவிட, பழைய வரைபடம் பொருந்தவில்லை என்பதை 10 நிமிடத்தில் ஒப்புக்கொண்டாரே, அதைத்தான் நான் குறித்துவைத்தேன். 45 நிமிடமும் அண்டூவையே தேடியிருந்தால் என் 16 வாரத்தை 30 ஆக்கியிருப்பேன்.

இதே சோதனையை முதலாமவருக்கும் கொடுத்தோம். 8 நிமிடத்தில் முடித்துவிட்டார். ஆனால் காப்பிலிருந்து மீட்பதைப் பற்றிக் கேட்டபோது தயங்கினார். அவர் இருந்த இடத்தில் தரவுத்தளத்தை மேகச் சேவை நிறுவனமே பராமரித்தது. மீட்பது என்றால் திரையில் ஒரு பொத்தான். நாங்களோ எங்கள் சொந்த இயந்திரங்களில் நடத்துகிறோம். ஆக, அச்சாகப் பொருந்துகிறார் என்று நாங்கள் நினைத்தவரும் ஒரு பக்கத்தில் புதியவர்தான். அவருக்கும் அதே நான்கு வரிகளை நிரப்பினேன்: மீட்புக்கு 6 வாரம், இரவு அழைப்புக்கு 10 வாரம். அந்த 10இல் 6 வாரம் எங்கள் பெயரிடும் முறை, கண்காணிப்பு, எந்தச் செயலி எந்த அட்டவணையைத் தொடுகிறது என்பதையெல்லாம் அறிவதற்கு. அது யார் வந்தாலும் ஆகும். எனவே உண்மையில் ஒப்பிடவேண்டியது 16க்கும் பூஜ்யத்துக்கும் இடையே அல்ல, 16க்கும் 10க்கும் இடையே.

அந்த 6 வார வித்தியாசத்தை யார் சுமப்பது என்பதுதான் முடிவை நிர்ணயித்தது. எங்கள் குழுவில் இரவு அழைப்பை மூவர் முறைவைத்து ஏற்கிறார்கள். நான்காமவர் 6 வாரம் தாமதித்தால் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக அரை வாரம். தாங்கலாம். ஒருவர் அடுத்த மாதம் விலகப் போகிறார் என்றிருந்தால், ஆரக்கிள்காரர் எவ்வளவு பிடித்திருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். கற்றுக்கொடுக்கும் ஆளே இல்லாத இடத்தில் 16 என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது. இதை விண்ணப்பதாரரின் குறையாக எழுதிவைப்பது அநியாயம். அது நம் நிலைமை.

ஆரக்கிள்காரரையே எடுத்தோம். 9 ஆண்டுகளில் அவர் சந்தித்த பெரிய மீட்புகள் இரண்டு. எங்கள் குழுவில் யாருக்கும் அந்த அனுபவம் இல்லை. முதல் மாதத்தில் செய்யக்கூடாதவை என்று ஆட்டோவேக்கம் அமைப்புகளைத் தொடுவதை எழுதியே கொடுத்தேன், காரணத்தோடு. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

14வது வாரத்தில் இரவு அழைப்பைத் தனியாக ஏற்றார். அதில் என் கணக்கு ஏறக்குறைய சரி. ஆனால் 3 வாரம் போட்டிருந்த வினவல் வேலை 8 வாரம் இழுத்தது. ஆரக்கிளில் எந்த வழியில் போகவேண்டும் என்று வினவலுக்குள்ளேயே குறிப்பு எழுதித் திட்டத்தைத் திருப்பும் பழக்கம் அவருக்கு ஊறியிருந்தது. போஸ்ட்கிரெஸின் அடிப்படை நிறுவலில் அந்த வசதி இல்லை. திட்டம் ஏன் அப்படி அமைந்தது என்று புள்ளிவிவரங்களிலிருந்து தேடிப்போகவேண்டும். அதை நான் "கட்டளைகள்தான் வேறு" என்ற கூடையில் போட்டுவிட்டேன். அந்த வரியைத் தாளில் மூன்றாவது கூடைக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.