412 பெயரில் உருப்பட்டது 37

நடுத்தர ஆலைகளுக்கு உற்பத்தி அட்டவணை போடும் மென்பொருளை விற்கிறேன். போன வருடம் வாடிக்கையாளர் தேடி நாங்கள் போட்ட முதல் பட்டியலை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. சிங்கப்பூரில் நிறுவனங்களைப் பதியும் அக்ராவின் பதிவில், தொழில் வகையைக் காட்டும் எஸ்எஸ்ஐசி எண் 25, 28 என்று தொடங்கும் நிறுவனங்கள், அதாவது உலோகப் பொருள், இயந்திரம் செய்பவர்கள். ஆள் கணக்கு 50 முதல் 200. மொத்தம் 412 பெயர். மூன்று மாதம் போன் பண்ணி, டெமோ காட்டியது இரண்டே இடத்தில்.

அந்த எஸ்எஸ்ஐசி எண்ணை நிறுவனமே பதியும்போது கொடுக்கிறது. அதனால் உற்பத்தி என்று பதிந்துவிட்டு வெறும் வியாபாரம் செய்பவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். சிலருக்கு இங்கே ஊபியில் அலுவலகம் மட்டும், ஆலை மலேசியாவின் ஜொகூருக்குப் போய் வருடக்கணக்காகிறது. வேறு சிலருக்கு எந்த மென்பொருள் என்பதை வெளிநாட்டுத் தலைமையகம்தான் முடிவு செய்யும்.

சரி என்று பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, காசு கொடுத்துப் பயன்படுத்தும் ஒன்பது பேரையும் விட்டுப்போன ஆறு பேரையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். ஆள் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை; ஒன்பதில் 60 பேர் ஆலையும் உண்டு, 180 பேர் ஆலையும் உண்டு. ஆனால் ஒன்பதிலும் பல வகைப் பொருள்கள் சின்னச் சின்ன எண்ணிக்கையில் ஓடின. ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் இஆர்பி மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. திட்டமிடுவதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். விட்டுப்போனவர்களில் ஒருவர் வருடம் முழுக்க ஒரே பாகத்தைச் செய்பவர், அங்கே அட்டவணைக்கு என்ன வேலை? இன்னொருவரிடம் இஆர்பி இல்லை. ஆர்டர் விவரங்களைக் கையால் ஏற்றியே ஆறு மாதத்தில் களைத்துவிட்டார்கள்.

துவாஸில் ஒரு மெஷினிங் ஆலை. திட்டமிடும் அக்காவின் திரையில் `plan_final_v7.xlsx`. அவசர ஆர்டர் வந்தால் மஞ்சள் பூசி, கீழே உள்ள வரிகளை ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்துவார். "காலையில போட்ட பிளான் பதினோரு மணி வரைக்கும் தாங்கினாலே பெரிய விஷயம் தம்பி" என்றார். எங்கள் வாடிக்கையாளர் யார் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

இதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் உற்பத்தித் திட்டமிடுபவர் வேலைக்கான விளம்பரம். அதில் எக்செலும் ஓர் இஆர்பியின் பெயரும் சேர்ந்து வந்தால் நல்ல அறிகுறி. அதே வேலைக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி விளம்பரம் வந்தால் இன்னும் நல்லது; யாரோ வெறுத்துப்போய் ஓடியிருக்கிறார். ஆனால் அதே நாற்காலியில் இருபது வருடமாக ஒருவர் உட்கார்ந்திருக்கும் ஆலை இதில் சிக்காது. அதற்கு இருக்கும் வாடிக்கையாளரிடம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட மென்பொருள் வாங்க அரசு தரும் பிஎஸ்ஜி மானியத்துக்குத் தகுதி உண்டா என்பதை மட்டும் நான் அளவுகோலாக வைப்பதில்லை. எங்களிடம் மானியத்துக்காக வாங்கிய இருவரும் புதுப்பிக்கும் நேரத்தில் காணாமல் போனார்கள்.

இப்படிச் சலித்ததில் 37 மிஞ்சியது. அதில் 11 இடத்தில் டெமோ கிடைத்தது. மேலாளருக்கு மட்டும் இன்னும் மனது ஆறவில்லை. நேற்றும் கேட்டார், "உட்லண்ட்ஸ்ல இருக்கிற ஆலை எல்லாத்தையும் சேர்த்துடலாமே?" அதில் எத்தனை பேரிடம் திட்டமிட ஆள் இருக்கிறார் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.