டூப்ளெக்ஸ்னா இவ்ளோ பாடா?
பிரிண்டர் டிரைவர் முழுக்க ஜப்பானிய மொழியில இருக்கு, சரி, பேப்பர் சைஸ்ல A4-ன்னு அப்படியே தெரியுது, குவாலிட்டில 600 dpi-ன்னு நம்பர் இருக்கு, அதெல்லாம் சமாளிச்சிடலாம், ஆனா தாளோட ரெண்டு பக்கமும் அடிக்கிற இந்த டூப்ளெக்ஸ் இருக்கே, அதுதான் உயிரை வாங்குது. நீள ஓரத்துல திருப்பணுமா, குட்டை ஓரத்துல திருப்பணுமான்னு ரெண்டு ஆப்ஷன், பக்கத்துல ஒரு படம் கூட கிடையாது. நிமிர்ந்த A4-க்கு நீள ஓரம்தான் வேணும், மாறிப்போச்சுன்னா புத்தகம் மாதிரி புரட்டும்போது பின்பக்கம் தலைகீழா நிக்கும். படுக்கை வாட்டு பக்கம்னா கணக்கு அப்படியே உல்டா. அதனால 40 பக்கத்தையும் அனுப்பறதுக்கு முன்னாடி முதல் ரெண்டு பக்கத்தை மட்டும் அடிச்சு புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கு, ஒவ்வொரு தடவையும். ஒரு சின்ன ஐகான் வெச்சா என்னய்யா குறைஞ்சிடும்?