பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்தபின் நடந்ததைக் குழுவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களும் அந்தக் காணொளியை இந்நேரம் பார்த்திருப்பீர்கள். "ஒரு கேப்சூல் ஒரு மீனுக்குச் சமம். வாடை இல்லை, முள் இல்லை, மூட்டு வலியும் இல்லை" என்று மீன் எண்ணெய் விற்கும் அண்ணன் டப்பாவைத் தூக்கிக் காட்ட, எல்லாரும் கைதட்டினார்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஒரு கேப்சூலில் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் எவ்வளவு? கிடைத்த பதில்: "நாகர்கோவில்காரங்களுக்குச் சாளை மீனை விட்டா வேற என்ன தெரியும்?" சிரிப்பு. சரி, சிரித்தாகிவிட்டது. இனி பாட்டிலைத் திருப்பலாமா?

முன்பக்கம் 1000 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது மொத்த எண்ணெயின் எடை. வீக்கத்தைக் குறைக்கும் என்று நாம் எதற்காக வாங்குகிறோமோ, அந்த ஒமேகா-3 எவ்வளவு என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சாதாரண வகையில் 180 மி.கி. இ.பி.ஏ., 120 மி.கி. டி.எச்.ஏ., ஆக 300. மீதி 700 வேறு கொழுப்பு. செறிவு கூட்டிய வகைகளில் இது அதிகம். அதையும் பின்பக்கம் பார்த்தால்தான் தெரியும்.

இந்த 300-ஐ ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், மீன் எண்ணெய்க்கு மூட்டு விஷயத்தில் ஓரளவு நல்ல ஆதாரம் இருப்பது முடக்குவாதத்துக்குத்தான். அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் ரூமட்டாய்டு நோய். அந்த ஆய்வுகளில் பலன் தெரிந்தவை பெரும்பாலும் நாளுக்கு 2.7 கிராம் அல்லது அதற்கு மேல் ஒமேகா-3 கொடுத்தவை, அதுவும் மூன்று மாதம் விடாமல். காலையில் விரல் மடங்காத இறுக்கம் குறைந்தது, தொட்டால் வலிக்கும் மூட்டுகள் குறைந்தன, வலி மாத்திரையின் தேவை குறைந்தது. 2.7 கிராமை 300 மில்லிகிராமால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு ஒன்பது கேப்சூல். அண்ணன் சொன்னது ஒன்று.

"அப்போ ஒன்பதை விழுங்கிட்டுப் போறோம்" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். இதய நோயாளிகளிடம் நாளுக்கு 4 கிராம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடியிருக்கிறது.

அப்புறம் நம் குழுவில் பாதிப் பேருக்கு இருப்பது முடக்குவாதமே இல்லை. வயதாலும் எடையாலும் வரும் மூட்டுத் தேய்மானம். அதற்கு ஆஸ்திரேலியாவில் 202 பேரை வைத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. ஒரு சாராருக்கு நாளுக்கு 4.5 கிராம் ஒமேகா-3, இன்னொரு சாராருக்கு வெறும் 0.45 கிராம். அதிகம் குடித்தவர்கள்தான் துள்ளிக் குதித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? இரண்டு பக்கமும் வலி குறைந்தது, குறைவாகக் குடித்தவர்களுக்கே இரண்டு வருட முடிவில் கூடுதலாகக் குறைந்தது. குருத்தெலும்பு தேய்வதில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் பங்கெடுத்த வைட்டல் ஆய்வில், முழங்கால் வலி உள்ளவர்களைத் தனியாகப் பிரித்து நாளுக்கு ஒரு கேப்சூல் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் சாதாரண வகையைவிடக் கிட்டத்தட்ட மூன்று பங்கு வீரியமானது. வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"எனக்கு முழங்கால் சரியாயிடுச்சே, உங்க ஆய்வை நீங்களே வச்சுக்கோங்க" என்பவர்களுக்கு: சந்தோஷம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் பலரும் இதையேதான் சொல்வார்கள்.

ஓடிய மறுநாள் தொடை வலிக்கு வருவோம், டப்பா விற்றது அதற்காகவும்தானே. அதற்கான ஆய்வுகள் சின்னச் சின்னவை. சிலவற்றில் வலி கொஞ்சம் குறைந்தது, சிலவற்றில் ஒன்றுமில்லை. இ.பி.ஏ. வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் செல்களின் சவ்வுக்குள் போய், அங்கே இருக்கும், வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் உருவாகக் காரணமான அராகிடோனிக் அமிலத்தின் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஓட்டம் முடிந்து வியர்வை காய்வதற்குள் ஒன்றை வாயில் போட்டு "ரெகவரி" என்று செல்ஃபி எடுத்தால் தொடைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

மீனுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டீர்கள். ஆமாம், வாங்குகிறேன், ஆனால் கணக்கோடு. நெய் பிடித்த பருவத்துச் சாளையில் 100 கிராம் சதைக்கு ஒரு கிராம் அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலும் ஒமேகா-3 கிடைக்கும். அயிலையும் நல்லதுதான். கூடவே 20 கிராம் புரதம் வருகிறது, ஓடிக் களைத்த தசைக்கு உண்மையில் வேண்டியது அது. எந்தக் கேப்சூலிலும் அது கிடையாது. ஆனால் தினமும் 2.7 கிராம் வேண்டுமென்றால் கால் கிலோவுக்கு மேல் சதை தின்ன வேண்டும், அது நடக்காத காரியம். முடக்குவாதத்துக்கு மீனே மருந்து என்று நானும் சொல்லவில்லை. வாரம் இரண்டு முறை மீன் சாப்பிட்ட நோயாளிகளுக்கு நோயின் வேகம் குறைவாக இருந்ததாக ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. ஆனால் மீனால்தான் குறைந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் கொழுப்பு வெளியேறி, சட்டி எண்ணெய் உள்ளே போகும். குழம்பாக வையுங்கள். வலிக்குக் காரணம் யூரிக் அமிலம் என்றால் சாளை பக்கமே போகாதீர்கள், வலி கூடும். சைவர்கள் கோபிக்க வேண்டாம், நுண்பாசியிலிருந்து எடுத்த கேப்சூல் இருக்கிறது. அதையும் திருப்பிப் படியுங்கள்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. முடக்குவாதம் இருக்கிற அம்மாவின் மகள். முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறை சாப்பிட்டுக் கை ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஒரு சொந்தக்காரர் இதே மாதிரி ஒரு டப்பாவோடு வந்தார். "இங்கிலீஷ் மருந்து ஈரலைக் கெடுக்கும் அக்கா, இது இயற்கை, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு." அம்மா எங்கள் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு கேப்சூல், 600 மி.கி. சில மாதத்தில் மணிக்கட்டு வீங்கி, தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. மருந்தை மறுபடி தொடங்கி வீக்கம் வடிந்தது. இரண்டு விரல் மட்டும் கோணியது கோணியதுதான். அடிலெய்டில் முடக்குவாதத்தின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிக அளவு மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தபோது பலன் இருந்தது உண்மை. ஆனால் மெத்தோட்ரெக்சேட் உட்பட மூன்று மருந்துகளோடு *சேர்த்து*க் கொடுத்தார்கள். மருந்துக்குப் பதிலாக அல்ல. இதைச் சொல்லத்தான் அன்று வாயைத் திறந்தேன். அதற்குள் சாளை ஜோக் வந்துவிட்டது.

அந்த "வாடை இல்லை" இன்னும் உறுத்துகிறது. யாருக்கு வாடை? 2021-இல் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு அம்மாவை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நாடே பார்த்தது. கூடைக்குள் இருந்தால் நாற்றம், அதே எண்ணெயை ஜெலட்டினுக்குள் அடைத்து எலுமிச்சை வாசனை ஏற்றினால் ஆரோக்கியம். எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைப் புளிமுளமும் சாப்பிட்டுத்தான் நான் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடுகிறேன். உங்களில் சிலரை முந்தியும் ஓடுகிறேன்.

அண்ணனுக்கு ஒரு கோரிக்கை. வியாபாரம் செய்யுங்கள், தப்பில்லை. ஒரு கேப்சூலில் எத்தனை மில்லிகிராம் என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. கீழே எழுதிவிடுங்கள். அம்மாவைப் பற்றி நக்கலடிக்கும் கருத்துகளை மட்டும் அழித்துவிடுவேன்.