பெட்டியில் வரும் 10 மி.லி. தண்ணீர் ஐ.எம். ஊசிக்கு அல்ல

செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் பொடி 1 கிராம் வயல் வாங்கினால் நம் ஊரில் பல கம்பெனிப் பெட்டிகளில் கூடவே 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூல் ஒன்றும் இருக்கும். அது நரம்பில், அதாவது ஐ.வி.யாகப் போடுவதற்கான அளவு. தசையில், அதாவது ஐ.எம். ஆகப் போட வேண்டிய இடத்திலும் பழக்கத்தில் அதை அப்படியே உடைத்து ஊற்றிவிடுகிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே செய்திருக்கிறேன்.

காது வலியும் காய்ச்சலுமாக வந்த குழந்தை, 12 கிலோ. வாய் வழி மருந்து கொடுத்தால் வாந்தி. டாக்டர் கிலோவுக்கு 50 மி.கி. கணக்கில் 600 மி.கி., ஒரே டோஸ், ஐ.எம். என்று எழுதியிருந்தார். நான் 10 மி.லி. ஊற்றிக் குலுக்கிய பிறகுதான் கணக்குப் போட்டேன். மி.லி.க்கு ஏறக்குறைய 100 மி.கி.; அப்படியென்றால் 6 மி.லி. ஏற்ற வேண்டும். இரண்டு வயதுத் தொடை அதைத் தாங்காது. சீனியர் அக்கா வயலைப் பார்த்ததும், "அதை வச்சுடு, வேற எடு" என்றார். ஒரு வயல் வீண், அந்த அம்மாவுக்குக் கால் மணி நேரக் காத்திருப்பு.

அன்று அக்கா சொல்லிக் கொடுத்த கணக்கு இதுதான். 1 கிராம் பொடிக்கு 3.6 மி.லி. ஊற்ற வேண்டும். கரைந்தபின் வயலில் இருப்பது 3.6 அல்ல, சுமார் 4 மி.லி. ஏனென்றால் பொடியும் இடத்தை அடைக்கிறது. ஆக மி.லி.க்கு 250 மி.கி.; 600 மி.கி.க்கு 2.4 மி.லி. பொடியின் இடத்தை மறந்து 1000-ஐ 3.6-ஆல் வகுத்தால் 2.16 மி.லி. என்று வரும். அதை ஏற்றினால் குழந்தைக்குப் போவது 540 மி.கி.தான். பத்தில் ஒரு பங்கு குறைந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. முழு வயலையும் பெரியவருக்குப் போடும்போது இந்தத் தப்பு மறைந்துவிடும். பாதி டோஸ், முக்கால் டோஸ் எடுக்கும்போதுதான் கடிக்கும். கம்பெனிக்குக் கம்பெனி ஊற்றும் அளவு கொஞ்சம் மாறலாம், ஆகையால் கையில் இருக்கும் வயலின் தாளில் ஐ.எம். என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அடுத்து, எதில் கரைப்பது? ஸ்டெரைல் வாட்டரில் கரைக்கலாம், ஆனால் தசையில் நன்றாகவே வலிக்கும். மரத்துப்போகச் செய்யும் 1 சதவீத லிக்னோகேயினில் கரைத்தால் வலி குறையும். வார்டில் பெரும்பாலும் இருப்பது 2 சதவீதம். அதில் 1.8 மி.லி., ஸ்டெரைல் வாட்டர் 1.8 மி.லி. சேர்த்தால் 1 சதவீதம் 3.6 மி.லி. கிடைக்கும். இந்தக் குழந்தைக்குப் போன 2.4 மி.லி.யில் லிக்னோகேயின் சுமார் 22 மி.கி.; கிலோவுக்கு 2 மி.கி.கூட இல்லை. அட்ரினலின் கலந்த பாட்டிலும் அதே தட்டில் நிற்கும், லேபிளைப் பார்த்தே எடுங்கள். லிக்னோகேயின் ஒவ்வாமை, இதயத் துடிப்பில் தடை உண்டா என்று கேட்டுக்கொண்டு, டாக்டரின் உத்தரவிலும் லிக்னோகேயின் எழுதி வாங்கிக்கொள்வேன். ரிங்கர் லாக்டேட்டில் மட்டும் கரைக்கவே கூடாது. அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து மருந்து படிந்துவிடும்.

ஊற்றியவுடன் உறிஞ்ச அவசரப்படாதீர்கள். கெட்டியான கரைசல், கழுத்தோரம் பொடி ஒட்டியிருக்கும். குலுக்கி, நுரை அடங்க விட்டு, வயலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறம் வரை இருக்கலாம், ஆனால் தெளிவாக இருக்க வேண்டும். துகள் தெரிந்தால் இன்னும் கரையவில்லை. நுரையோடு உறிஞ்சினால் சிரிஞ்சில் 2.4 என்று காட்டினாலும் உள்ளே அவ்வளவு மருந்து இருக்காது.

அன்று அக்கா அந்த 2.4-ஐ இரண்டு சிரிஞ்சில் 1.2 ஆகப் பிரித்து, தொடைக்கு ஒன்றாக வெளிப்பக்கத் தசையில் ஆழமாகப் போட்டார். இரண்டு முறையும் ரத்தம் வருகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். லிக்னோகேயின் கலந்த மருந்து ரத்தக் குழாயில் போகவே கூடாது என்பதால்தான் அந்தக் கவனம்.

என் ஆதங்கம் ஒன்றுதான். பெட்டிக்குள் ஐ.வி. அளவுத் தண்ணீரை வைத்துவிட்டு, ஐ.எம். அளவை மடித்த தாளில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்தால் இரவு டியூட்டியில் யார் தேடுவார்கள்? வயல் லேபிளிலேயே "ஐ.எம்.: இத்தனை மி.லி. ஊற்று, மி.லி.க்கு இத்தனை மி.கி." என்று ஒரு வரி போட இடமில்லாமலா போயிற்று? அது வரும் வரை நம் வார்டில் வாங்கும் கம்பெனியின் அளவை ஊசித் தட்டு மேலேயே எழுதி ஒட்டலாம். நாங்கள் ஒட்டியிருக்கிறோம், கம்பெனி மாறினால் தாளும் மாறும். நிரப்பிய சிரிஞ்சில் பிளாஸ்டர் துண்டு சுற்றி "ஐ.எம். மட்டும், லிக்னோகேயின் உள்ளது" என்று பேனாவால் எழுதிய பிறகுதான் அதைத் தட்டில் வைப்பேன். பக்கத்துக் கட்டிலில் நரம்பில் கேனுலா போட்ட இன்னொரு குழந்தை எப்போதும் இருக்கும்.