ரிட்டர்ன் போட்டால் முடிந்ததா?

"வருமான வரி ரிட்டர்ன் போட்டு ஒப்புகை எண் வந்துவிட்டது. சரிபார்ப்பை எப்போது வேண்டுமானாலும் செய்யலாமாம்!" என்று தஞ்சை வட்டாரத்தில் ஒரு தகவல் சுற்றுகிறது.

தவறு. பதிவேற்றிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஏதாவது ஒரு வழியில் சரிபார்க்க வேண்டும். இல்லையேல் அந்த ரிட்டர்ன் செல்லாது. கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் 2024 ஜூலை 20 அன்று பதிவேற்றினார் என்று வைத்துக்கொள்வோம். கெடு ஆகஸ்ட் 19. அவர் செப்டம்பர் 10 அன்றுதான் விழித்துக்கொள்கிறார். வருமான வரித் தளத்தில் Services, அதில் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் Condonation Request பகுதிக்குப் போய், தாமதத்துக்கான காரணத்தை எழுதி விண்ணப்பிக்கலாம். "மறந்துவிட்டேன்" என்பதைவிட மருத்துவச் சீட்டு பேசும். ஏற்பதும் மறுப்பதும் துறையின் விருப்பம். விண்ணப்பித்ததாலேயே ரிட்டர்ன் உயிர்பெறாது. தாமதமாகச் சரிபார்த்தால் அந்தத் தேதியே தாக்கல் தேதி. அந்த ஆண்டின் தாக்கல் கெடுவான ஜூலை 31 தவறியதால் வருமானம் 5 லட்சத்துக்கு மேலிருந்தால் ரூ.5,000 தாமதக் கட்டணம் வரும்.