வண்டி 'ட', பேன்ட் 'ட'

லீவுக்குக் கோபி வந்து ஒரு வாரமாச்சு. "சும்மா உக்காந்திருக்கற நேரத்துல புள்ளைக்கு நீயே டிக்டேஷன் போடலாமல்ல அம்மிணி?"ன்னு அப்பா கேக்கறார். ஜெர்மனியில இருக்கற நம்மூர்க்காரங்க சொல்ற யோசனையும் அதேதான். நான் அதை நிறுத்தி நாலு மாசமாச்சுங்க.

மக அங்க ரெண்டாங்கிளாஸ். நான் இன்னும் ஜெர்மன் பாஷை பி1 வகுப்புல தடுமாறிட்டிருக்கேன். ஒருநாள் வீட்டுப்பாடச் சொல்லுகளை நான் வாசிக்க, அவ எழுதுனா. நாய்க்கு 'ஹுன்ட்', சரி. யானைக்கு 'எலெஃபன்ட்', கடைசி எழுத்து தப்பு. பேன்ட்ல வர்ற 'ட', அதாவது t எழுத வேண்டிய இடத்துல, வண்டியில வர்ற 'ட', அதாவது d எழுத்தைப் போட்டிருந்தா. அதட்டுனதுக்கு, "நீங்க அப்படித்தானேம்மா சொன்னீங்க"ன்னா.

அவ சொன்னது நெசம். நம்ம நாக்குல 'ண'வுக்குப் பின்னால வர்ற 'ட' தானா மெதுவாயிரும்: வண்டி, உண்டு, தண்டு. யானையையும் அப்படியே 'எலெஃபண்ட்'னு சொல்லியிருக்கேன். ஜெர்மன்காரங்க நேரெதிர். சொல்லோட கடைசியில வண்டி 'ட' எழுதியிருந்தாலும் பேன்ட் 'ட' மாதிரி அழுத்தித்தான் சொல்லுவாங்க. நாய்க்கு எழுத்து வண்டி 'ட', சத்தம் பேன்ட் 'ட'. நான் தப்பா உச்சரிச்சதுனாலதான் அவ நாயைச் சரியா எழுதியிருக்கா! காதை மட்டும் நம்பி எழுதுனா ஜெர்மன் குழந்தைகளுக்கே அந்த எழுத்து தப்பிப்போகும்.

அதுக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்ற வழி, சொல்லை நீட்டிப் பாக்கறது. பன்மையாக்குனா 'ட' நடுவுக்கு வந்துரும், அசல் சத்தம் வெளிய தெரியும். நாய்கள் 'ஹுண்ட', அது வண்டி. யானைகள் 'எலெஃபன்டன்', அது பேன்ட். எனக்குப் பாதிச் சொல்லுக்குப் பன்மை தெரியாது. அவளுக்கு விளையாட்டு மைதானத்துலயே காதுல விழுந்திருக்கு. அதனால இப்ப நான் சொல்றதில்ல, கேக்கறதோட சரி: "நெறைய இருந்தா என்ன சொல்லுவ?" அவளே சொல்லிப் பாத்து எழுதுவா. 'மற்றும்'கிற அர்த்தத்துல வர்ற 'உன்ட்' மாதிரிச் சொல்லை நீட்ட முடியாது. அதை மனப்பாடந்தான் பண்ணோணும்.

அப்படியும் தப்பா எழுதுனா நான் அழிச்சுத் திருத்தறதில்லைங்க. நோட்டு பளிச்சுன்னு இருந்தா எங்க சிக்குதுன்னு டீச்சருக்கு எப்படித் தெரியும்?

டிக்டேஷனுக்குப் பதிலா அங்க ஓட்ட டிக்டேஷன்னு ஒண்ணு உண்டு. தாளைத் தூரமா ஒட்டிரோணும். குழந்தை ஓடிப்போய் ஒரு சொல்லைப் பாத்து மனசுல வெச்சுக்கிட்டு, திரும்பி வந்து எழுதோணும். கடைசியில தாளை எடுத்துவந்து அவளே ஒப்பிட்டுப் பாத்துக்குவா. என் உச்சரிப்புக்கு அதுல வேலையே இல்லை.

இங்க தாளைக் கட்டுத்தறிச் செவுத்துல ஒட்டியிருக்கோம், நோட்டு திண்ணையில. "ஏங்கண்ணு, எருமை மெரளுது, மெதுவாப் போ"ன்னு அவ அப்புச்சி கத்திட்டிருக்கார்.